வீட்டுச் சமையலறையிலிருந்து தினமும் விற்கத் தொடங்கினால்: பதிவேடும் உரிமமும், படிப்படியாக

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வரிசை வீட்டுச் சமையலறையிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் மதியச் சாப்பாடு போகிறது. ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார். "அக்கா, எங்கள் அலுவலகத்தில் நான்கு பேருக்கு வாந்தி. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டது உங்கள் சாப்பாடுதான்" என்றார்.

அன்று மொத்தம் 34 பொட்டலங்கள் அனுப்பியிருந்தோம். எதில் கோளாறு, அதே உணவைச் சாப்பிட்ட வேறு யாரை உடனே எச்சரிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த நிமிடமே பதில் தேவைப்பட்டது. பதில் கிடைத்தது ஒரு நாற்பது பக்கப் பள்ளி நோட்டிலிருந்து. அதனால் இந்த வழிகாட்டியில் நோட்டுக்கு அதிக இடமும் அலுவலகப் படிவங்களுக்கு அளவான இடமும் கொடுத்திருக்கிறேன். படிவங்களை ஒரு முறை நிரப்பினால் போதும், நோட்டைத் தினமும் எழுத வேண்டும்.

படி 1: விண்ணப்பத்துக்கு முன்பே நோட்டைத் தொடங்குங்கள்

பலரும் உரிமம் கைக்கு வந்த பிறகு பதிவேடு எழுதலாம் என்று நினைக்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால்தான் உங்கள் சமையலறையின் பலவீனம் உங்களுக்கே தெரியும், அதிகாரி வந்து கேட்கும்போது சொல்வதற்கும் பதில் இருக்கும்.

நான்கு பகுதிகள் போதும். முதலாவது, சமையலும் அனுப்புதலும். ஒவ்வொரு உணவுக்கும் அடுப்பிலிருந்து இறக்கிய நேரம், பொட்டலம் கட்டிய நேரம், யாருக்கு எத்தனை போனது, அங்கே சேர்ந்த நேரம். இரண்டாவது, வாங்கிய பொருள். கோழி, தேங்காய்ப்பால், மீன் போன்றவற்றை எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பது. ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால் எழுதும் வேலை பாதியாகும். மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையும் துப்புரவும். நான்காவது, சமையலறையில் கை வைக்கும் ஒவ்வொருவரின் உடல்நிலை. வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கையில் ஆறாத புண் இருப்பவர் அன்று உணவைத் தொடக்கூடாது. அதை எழுதி வைத்தால் மட்டுமே வீட்டில் கடைப்பிடிக்க முடிகிறது, ஏனென்றால் மாமியாரிடம் "இன்று நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று நோட்டைக் காட்டிச் சொல்வது எளிது.

நோட்டை ஒரு கயிற்றில் கட்டிச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள், பேனாவையும் சேர்த்து. இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் பதிவுக்கு மதிப்பில்லை. அதைக் கண்டுபிடிப்பதும் கடினமன்று. ஒரு வாரம் முழுக்க குளிர்சாதனப் பெட்டி 4 டிகிரி என்று, ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அது ஒரே மூச்சில் எழுதியது. உண்மையான பதிவில் 3, 5, 4, ஒரு நாள் 7 என்று ஏற்ற இறக்கம் இருக்கும். அந்த 7க்குப் பக்கத்தில் "கதவு சரியாக மூடவில்லை, பாலைக் கொட்டிவிட்டோம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் நீங்கள் கவனமாக இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று.

படி 2: வெப்பமானி

கத்தி போல உணவுக்குள் குத்தும் முனை உள்ள மின்னணு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்பதை மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும். ஒரு குவளை நிறைய உடைத்த பனிக்கட்டியைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கிச் சில நிமிடம் கழித்து முனையை நடுவில் வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் அந்த வெப்பமானியை நம்பாதீர்கள். சோதித்த தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

நினைவில் வைக்க நான்கு எண்கள்தான். கோழியின் தடித்த பகுதியின் நடுவே 75 டிகிரி வர வேண்டும். சூடாக வைக்கும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. குளிர வைப்பது 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே. சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இருந்தால் 4 மணி நேரத்துக்குள் சாப்பிடப்பட வேண்டும், சுகாதார அமைச்சும் இதையே வலியுறுத்துகிறது. அந்த நான்கு மணி நேரம் உணவு வாடிக்கையாளர் கைக்குப் போன நிமிடத்தில் தொடங்குவதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய நிமிடத்திலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒளிரும் எண்ணை எழுதாதீர்கள். நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரை இரவே வைத்து, காலையில் கதவைத் திறந்த கையோடு அதற்குள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். மதியம் வேலை முடிந்ததும் மறுபடி பாருங்கள். கோலாலம்பூர் வெக்கையில் காலை முழுக்கத் திறந்து மூடும் வீட்டுப் பெட்டி மதியம் 8, 9 டிகிரி காட்டுவது அபூர்வமில்லை. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என்று பிரித்த பிறகுதான் 4க்கு வந்தது.

அந்த வியாழக்கிழமை: நோட்டு எப்படி வழிகாட்டியது

அன்றைய பக்கத்தில் 34 பொட்டலங்களில் 22 வெள்ளைச் சாதம், 12 எலுமிச்சைச் சாதம். புகார் வந்த அலுவலகத்துக்கு ஏழு போயிருந்தது, அதில் நான்கு எலுமிச்சைச் சாதம், மூன்று வெள்ளைச் சாதம். நோயுற்ற நால்வரும் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டவர்கள். அதே மேசையில், அதே நேரத்தில், அதே பொரியலுடன் வெள்ளைச் சாதம் சாப்பிட்ட மூவருக்கும் ஒன்றுமில்லை. ஆகவே பொரியல்மீது சந்தேகமில்லை.

அடுத்து நேரங்கள். வெள்ளைச் சாதம் 9.30க்கு இறக்கியது. எலுமிச்சைச் சாதத்துக்கான சோறு 6.20க்கு. ஆற வேண்டும் என்று அதிகாலையிலேயே வடித்து, ஆழமான குண்டானில் மூடி வைத்துவிட்டேன். 9 மணிக்குத்தான் எலுமிச்சைச் சாறும் தாளிப்பும் சேர்ந்தன. 10.30க்குப் பொட்டலம், 11.50க்கு அலுவலகம். கூட்டம் நீண்டதால் அவர்கள் சாப்பிட்டது 1.45க்கு என்று தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டேன். கூட்டிப் பார்த்தால் ஏழு மணி நேரம் 25 நிமிடம்.

சோற்றில் பசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருப்பது வழக்கம். வேகவைப்பதில் அவை சாவதில்லை. ஆழமான குண்டானில் மூடிய சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருப்பதால் வித்துகள் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு வெப்பத்தைத் தாங்கும் என்பதால் மறுபடி சூடாக்கியும் பயனில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வருவது இதன் பொதுவான அறிகுறி. எலுமிச்சையின் புளிப்பு கிருமியைக் கட்டுப்படுத்தும் என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் புளிப்பு வந்து சேருவதற்குள் சோறு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வெறுமனே கிடந்துவிட்டது.

மற்ற எட்டு எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களும் யாருக்குப் போயின என்பது அதே பக்கத்தில் இருந்ததால் பத்து நிமிடத்துக்குள் எல்லோரையும் அழைத்தேன். ஏழு பேர் 12.15 வாக்கில் சாப்பிட்டிருந்தார்கள், நலமாக இருந்தார்கள். ஒருவர் இரவுக்கு எடுத்து வைத்திருந்தார். அதைக் கொட்டிவிடும்படி கேட்டுக்கொண்டேன். நோட்டு இல்லாவிட்டால் அந்த ஒருவரை நான் அழைத்திருக்கவே மாட்டேன்.

நால்வரில் இருவர் மருத்துவரிடம் சென்றார்கள். மலேசியாவில் உணவு நச்சேற்றம் என்று மருத்துவர் கருதினால் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். மறுநாள் சுகாதார அதிகாரி வீட்டுக்கு வந்தார். முதலில் கேட்டது அன்றைய சமையல் பதிவு, அடுத்தது சமைத்தவர்களின் சான்றிதழ்கள், அடுத்தது மீதமிருந்த உணவு. மூன்றாவது என்னிடம் இல்லை. ஆகவே ஆய்வகத்தில் உறுதி செய்ய முடியவில்லை. எனக்குக் கிடைத்தது நேரங்களும் பெயர்களும் காட்டிய வலுவான சந்தேகம் மட்டுமே.

அதன்பின் இரண்டு மாற்றங்கள் செய்தோம். எலுமிச்சைச் சாதத்துக்கான சோற்றை 8.45க்கு இறக்கி, இரண்டு தாம்பாளங்களில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆற வைக்கிறோம். 25 நிமிடத்தில் ஆறிவிடும், 9.20க்குக் கலந்துவிடலாம். பொட்டலத்தின்மீது "12.45க்குள் சாப்பிடவும்" என்று ஒட்டுகிறோம். இரண்டாவது, ஒவ்வொரு உணவிலும் 150 கிராம் எடுத்து, தேதி எழுதிய சுத்தமான டப்பாவில் மூன்று நாள் குளிரில் வைக்கிறோம்.

படி 3: எஸ்எஸ்எம் பதிவு

வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். மலேசியக் குடிமக்களும் நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களும் செய்யலாம். ezBiz தளத்தில் வீட்டிலிருந்தே முடிகிறது. மைகாட்டில் உள்ள உங்கள் பெயரிலேயே பதிந்தால் வருடத்துக்கு 30 ரிங்கிட், "அன்னம் சமையல்" போல வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். வியாபார முகவரியாக வீட்டு முகவரியைக் கொடுக்கும்போது அடுத்து வரும் எல்லாப் படிவங்களிலும் அதே முகவரியை எழுத்து மாறாமல் எழுதுங்கள். ஒன்றில் வீட்டு எண்ணுக்கு முன் "எண்" என்றும் இன்னொன்றில் அது இல்லாமலும் இருப்பது சிறிய வேறுபாடு. ஆனால் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் அதற்காகவும் திருப்பி அனுப்பலாம்.

படி 4: பயிற்சியும் தைபாய்டு ஊசியும்

உணவு கையாள்பவர் பயிற்சி சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிப் பள்ளிகளில் நடக்கிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம், கட்டணம் 50 ரிங்கிட் அளவில் இருக்கும். அமைச்சின் அங்கீகாரப் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தைபாய்டு தடுப்பூசியைத் தனியார் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாம். அதன் காலம் மூன்று வருடம். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், அது தொலைந்தால் மறுபடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நிலை வரலாம்.

இந்தப் படியில்தான் வீட்டுச் சமையலறைகள் அதிகம் தவறுகின்றன. உணவு கையாள்பவர் என்றால் அடுப்பில் நிற்பவர் மட்டுமல்ல. தேங்காய் துருவும் மாமியார், வெங்காயம் உரிக்கும் நாத்தனார், பொட்டலம் கட்ட உதவும் மகன், எல்லோரும் உணவு கையாள்பவர்கள். விற்கும் உணவில் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டும் வேண்டும். எங்கள் வீட்டில் மூவர் ஒரே சனிக்கிழமை பயிற்சிக்குப் போனோம். அறுபத்தெட்டு வயதில் மாமியார் சான்றிதழோடு வெளியே வந்தபோது அவருக்கு இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை.

படி 5: சுகாதார அமைச்சில் சமையலறையைப் பதிவு செய்தல்

இது உரிமம் அன்று, பதிவு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை ஒழுங்குமுறைகளின் கீழ், விற்பனைக்காக உணவு தயாரிக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். பதியாமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை, மூன்று வருடம் செல்லும்.

அமைச்சின் FoSIM தளத்தில் கணக்குத் திறந்து, எஸ்எஸ்எம் பதிவு எண், முகவரி, என்ன வகை உணவு, எத்தனை பேர் கையாள்கிறார்கள் என்பவற்றை நிரப்புங்கள். உணவு வகையைக் கேட்கும் இடத்தில் நிதானம் வேண்டும். சமைத்து அன்றே சாப்பிடும் சாப்பாடு ஒரு வகை. முறுக்கு, ஊறுகாய், பொடி போலப் பொதி செய்து வாரக்கணக்கில் கடையில் நிற்பது உற்பத்தி. உற்பத்தி என்றால் மெஸ்தி என்ற சான்றளிப்பின் வழி இன்னும் விரிவான பதிவேடு தேவைப்படும். பொதியின்மேல் பொருளின் பெயர், நிகர எடை, அளவில் அதிகமானது முதலில் வரும்படி சேர்பொருள் பட்டியல், ஒவ்வாமை உண்டாக்கும் பொருள், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், காலாவதித் தேதி ஆகியவை மலாயில் வர வேண்டும். முதலில் சாப்பாட்டை நிலைநிறுத்துங்கள், முறுக்கை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் அறிவுரை.

படி 6: டிபிகேஎல் உரிமம்

கோலாலம்பூருக்குள் வியாபார உரிமம் தருவது டிபிகேஎல். பினாங்குத் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பட்டர்வொர்த்திலும் பிறை பக்கமும் செபராங் பிறை மாநகர் மன்றம். வீட்டிலிருந்து நடத்தும் வியாபாரத்துக்கான நிபந்தனைகள் இடத்துக்கு இடம் மாறுபடும். ஆகவே மனுப் போடுவதற்கு முன் ஒரு முறை உரிமப் பிரிவின் முகப்புக்கு நேரில் சென்று, உங்கள் வீட்டு வகையைச் சொல்லி, தேவையான ஆவணங்களின் பட்டியலை அவர்கள் முன்னாலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

எஸ்எஸ்எம் பதிவு, மைகாட் நகல், எல்லோருடைய பயிற்சிச் சான்றிதழ், ஊசி அட்டை, சமையலறைப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தை முன்கூட்டியே வாங்குங்கள். அடுக்குமாடி என்றால் கட்டட நிர்வாகத்தின் சம்மதமும் பெறுங்கள். அந்தச் சம்மதம்தான் பெரும்பாலும் தாமதமாகும், ஆகவே மூன்றாம் படியைத் தொடங்கும் நாளிலேயே அதைக் கேட்டுவிடுங்கள். வாசலில் மேசை போட்டு விற்பது, கார் நிறுத்தும் இடத்தில் பெரிய அடுப்பு வைப்பது, வாடிக்கையாளரை உட்கார வைத்துப் பரிமாறுவது ஆகியவை அக்கம்பக்கத்தாரின் புகாருக்கு வழி திறப்பவை.

படி 7: அதிகாரி வரும் நாள்

வந்தவர் எங்கே பார்ப்பார்? எங்கள் பழைய வரிசை வீடுகளில் கழிவறைக் கதவு சமையலறைக்குள்ளேயே திறக்கும், அங்கேதான் பார்வை முதலில் போகும். தானாக மூடிக்கொள்ளும் விசையைப் பொருத்தி, அந்தப் பக்கம் உணவு மேசை வராமல் இடம் மாற்றுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து பிரிந்து கை கழுவ ஓரிடம், அங்கே திரவ சோப்பும் துடைக்கத் தாளும். மூடியுள்ள குப்பைத்தொட்டி. குளிர்சாதனப் பெட்டியில் பச்சைக் கோழி கீழ்த்தட்டில், சமைத்தது மேலே. பூனை வளர்ப்பவர்கள் சமையல் நேரத்தில் அதை முன்கூடத்தில் அடைத்து வைத்தால் போதாது, சமையலறைக்குள் அது வரவே கூடாது. ஜன்னலில் வலை, எலிப்புழுக்கை இல்லாத மூலைகள். மோதிரம், வளையல் கழற்றியிருக்க வேண்டும். தலைமுடி மூடியிருக்க வேண்டும், ஏப்ரன் கட்டியிருக்க வேண்டும்.

1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்படி, தூய்மை கெட்ட இடத்தை 14 நாள் வரை மூட உத்தரவிட முடியும். தினச் சாப்பாட்டுக்கு இரண்டு வாரம் மூடினால் வாடிக்கையாளர்கள் வேறு சமையலறைக்குப் போய்விடுவார்கள். அதிகாரி ஏதாவது குறை சொன்னால் அதை அப்போதே நோட்டில் எழுதி, தேதி போட்டு, திருத்திய பிறகு அதன் பக்கத்திலேயே திருத்திய தேதியையும் எழுதுங்கள். மறுமுறை வரும்போது அந்த இரண்டு தேதிகளையும் காட்டலாம்.

நோட்டின் முதல் பக்கம்

நாளாக நாளாக மறப்பது இந்தத் தேதிகள்தான், ஆகவே அட்டையைத் திறந்ததும் கண்ணில் படும்படி எழுதியிருக்கிறேன். எஸ்எஸ்எம் புதுப்பிக்கும் தேதி, டிபிகேஎல் உரிமம் முடியும் தேதி, FoSIM பதிவு முடியும் தேதி, ஒவ்வொருவருடைய பெயருக்கும் எதிரே ஊசி முடியும் தேதி. புதிதாக ஒருவரை உதவிக்குச் சேர்த்தால், அவர் பெயரும் ஊசித் தேதியும் இந்தப் பக்கத்தில் ஏறிய பிறகுதான் எங்கள் வீட்டில் அவர் கையில் கரண்டி போகும். நோட்டு நிறைந்ததும் புதியதைத் தொடங்கி இந்தப் பக்கத்தை அப்படியே எடுத்தெழுதுகிறோம். பழைய நோட்டுகள் அரிசி டின்னுக்கு மேலுள்ள அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. அந்த வியாழக்கிழமையின் பக்கம் இரண்டாவது நோட்டில் இருக்கிறது. மாமியார் அதன் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார், புதிதாக வருபவர்களுக்கு முதலில் படிக்கக் கொடுப்பது அந்தப் பக்கத்தைத்தான்.